ஒன்பது கட்டளை, இரண்டு அட்டவணை: ரிஸ்க்-ஃபைவ் நிரலைக் கையால் ட்ரேஸ் செய்யும்போது எழும் கேள்விகள்

“ட்ரேஸ் பண்ணுன்னு கேள்வித்தாள்ல போட்டிருக்கு. பேனாவை எடுத்ததும் முதல்ல என்ன எழுதணும்?”

நிரலின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதன் முகவரியை எழுதுங்கள். பெரும்பாலானோர் இதைத் தாண்டிக்கொண்டு நேராக `x5`-இல் என்ன இருக்கிறது என்று போய்விடுகிறார்கள். பிறகு லூப் திரும்பும் இடத்தில் தடம் மாறிவிடுகிறது.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே நிரலைத்தான் பார்க்கப்போகிறோம். ரிஸ்க்-ஃபைவின் 32 பிட் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான RV32I-இல் எழுதியது. மூன்று எண்கள் கொண்ட ஒரு வரிசையை எடுத்து, ஒவ்வொரு எண்ணின் இடத்திலும் அதுவரையான கூட்டுத்தொகையை எழுதிவிட்டுப் போகும்.

```
 0        addi x5, x0, 256
 4        addi x6, x0, 3
 8        addi x7, x0, 0
12  loop: lw   x8, 0(x5)
16        add  x7, x7, x8
20        sw   x7, 0(x5)
24        addi x5, x5, 4
28        addi x6, x6, -1
32        bne  x6, x0, loop
```

இங்கே ஒவ்வொரு கட்டளையும் நான்கு பைட். அதனால்தான் இடப்பக்கம் 0, 4, 8 என்று ஏறுகிறது. நிரல் 0-இல் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். வரிசை 256-ஆம் முகவரியில் இருக்கிறது: 256-இல் 7, 260-இல் -2, 264-இல் 5.

இப்போது தாளில் இரண்டு அட்டவணைகளுக்கு இடம் விடுங்கள். ஒன்று `x5`, `x6`, `x7`, `x8` ஆகிய ரெஜிஸ்டர்களுக்கு, இன்னொன்று மெமரியின் 256, 260, 264 ஆகிய மூன்று இடங்களுக்கு. மெமரி அட்டவணையில் தொடக்க மதிப்புகளை இப்போதே நிரப்பிவிடுங்கள். ரெஜிஸ்டர் கட்டங்களில் கேள்விக்குறி போடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். நிரல் ஒரு ரெஜிஸ்டருக்கு மதிப்புக் கொடுக்கும்வரை அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. `x0` மட்டும் விதிவிலக்கு. அது எப்போதும் பூஜ்யம், அதில் எதை எழுதினாலும் நிற்காது. அதற்குத் தனிக் கட்டம் தேவையில்லை.

“லோட்-ஸ்டோர் வகைன்னு சொல்றாங்களே, அது தெரிஞ்சா ட்ரேஸ் பண்றதுல என்ன மாறும்?”

எல்லாமே மாறும். இந்த வகைக் கட்டமைப்பில் கூட்டல், கழித்தல், ஒப்பிடல் எல்லாம் ரெஜிஸ்டர்களுக்குள்தான் நடக்கும். மெமரியைத் தொட `lw` போன்ற லோட் கட்டளைக்கும் `sw` போன்ற ஸ்டோர் கட்டளைக்கும்தான் உரிமை உண்டு. இண்டலின் x86-இல் மெமரியில் இருக்கும் எண்ணோடு நேராகக் கூட்டி அங்கேயே விடையை வைக்கும் கட்டளை உண்டு. இங்கே அது கிடையாது. எடுத்து வர ஒரு கட்டளை, கூட்ட ஒரு கட்டளை, திருப்பி வைக்க ஒரு கட்டளை.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு பலமான விதி கிடைக்கிறது. நம் நிரலில் ஒரு கட்டளை ஓடினால், ஓடவேண்டிய கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் பிசி நகரும், அதோடு அதிகபட்சம் ஒரே ஒரு கட்டம் மாறும். `add`, `addi`, `lw` என்றால் ஒரு ரெஜிஸ்டர் கட்டம். `sw` என்றால் ஒரு மெமரி கட்டம். `bne` என்றால் எதுவுமே இல்லை, பிசி மட்டும். ஒரே படியில் இரண்டு கட்டங்களை மாற்றிவிட்டீர்கள் என்றால் அந்த இடத்தில் தவறு நடந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிடும், கடைசி விடை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

“முழுசா ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்.”

தொடக்கம் முதல் இரண்டாம் சுற்று முடியும்வரை இதோ.

| படி | பிசி | கட்டளை | மாறிய கட்டம் | அடுத்த பிசி |
|---|---|---|---|---|
| 1 | 0 | `addi x5, x0, 256` | x5: ? → 256 | 4 |
| 2 | 4 | `addi x6, x0, 3` | x6: ? → 3 | 8 |
| 3 | 8 | `addi x7, x0, 0` | x7: ? → 0 | 12 |
| 4 | 12 | `lw x8, 0(x5)` | x8: ? → 7 | 16 |
| 5 | 16 | `add x7, x7, x8` | x7: 0 → 7 | 20 |
| 6 | 20 | `sw x7, 0(x5)` | மெமரி 256: 7 → 7 | 24 |
| 7 | 24 | `addi x5, x5, 4` | x5: 256 → 260 | 28 |
| 8 | 28 | `addi x6, x6, -1` | x6: 3 → 2 | 32 |
| 9 | 32 | `bne x6, x0, loop` | இல்லை | 12 |
| 10 | 12 | `lw x8, 0(x5)` | x8: 7 → -2 | 16 |
| 11 | 16 | `add x7, x7, x8` | x7: 7 → 5 | 20 |
| 12 | 20 | `sw x7, 0(x5)` | மெமரி 260: -2 → 5 | 24 |
| 13 | 24 | `addi x5, x5, 4` | x5: 260 → 264 | 28 |
| 14 | 28 | `addi x6, x6, -1` | x6: 2 → 1 | 32 |
| 15 | 32 | `bne x6, x0, loop` | இல்லை | 12 |

ஆறாம் படியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 256-இல் ஏற்கெனவே 7 இருந்தது, அதன் மேல் மறுபடி 7 எழுதப்பட்டது. பார்வைக்கு எதுவும் மாறவில்லை என்பதால் பலர் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். எழுதுதல் நடந்தது. எந்த முகவரியில் எழுதியது என்பது பதிவாகியிருந்தால்தான், கீழே வரப்போகும் பிழை போன்றவற்றைப் பிடிக்க முடியும்.

பத்தாம் படியும் கவனிக்க வேண்டியது. `lw` மெமரியில் இருந்ததை நகலெடுத்து வருகிறது, பிடுங்கிக்கொண்டு வருவதில்லை. லோட் செய்தபின் 260-ஆம் கட்டத்தை வெறுமையாக்கிய தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். பன்னிரண்டாம் படிவரை அங்கே -2 அப்படியே இருக்கிறது.

மூன்றாம் சுற்றை நீங்களே போடுங்கள். 21-ஆம் படியில் `bne` ஓடும்போது `x6` பூஜ்யமாகியிருக்கும், பிசி 36-க்குப் போகும். கடைசியில் `x5` 268, `x6` 0, `x7` 10, `x8` 5. மெமரியில் 7, 5, 10.

“`sw x7, 0(x5)`-ல எது எங்க போகுது? எப்பவும் தலைகீழா எழுதிடறேன்.”

குழப்பத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. `add x7, x7, x8` என்பதிலும் `lw x8, 0(x5)` என்பதிலும் முதலில் எழுதியிருப்பதுதான் விடை போய்ச் சேரும் இடம். கண் அதற்குப் பழகிவிடுகிறது. `sw` வந்ததும் அதே பழக்கத்தில் `x7`-ஐ மாற்றிவிடுகிறோம். ஆனால் இங்கே முதலில் இருப்பது அனுப்பும் பொருள், அடைப்புக்குறியோடு இருப்பது போய்ச்சேரும் முகவரி.

இதை மனப்பாடம் செய்வதைவிட, கட்டளை பிட்டுகளாக எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. `add` கட்டளையின் 32 பிட்டுகளில் 7 முதல் 11 வரையிலான ஐந்து பிட்டுகள் விடை வைக்கவேண்டிய ரெஜிஸ்டரின் எண்ணைச் சொல்கின்றன. `sw`-இல் அதே ஐந்து பிட்டுகள், அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் எண்ணான ஆஃப்செட்டின் கீழ்ப்பகுதிக்குப் போய்விடுகின்றன. விடை வைக்கும் ரெஜிஸ்டரைச் சொல்ல ஸ்டோர் கட்டளையில் இடமே கிடையாது. ஆகவே `sw` எந்த ரெஜிஸ்டரையும் மாற்ற முடியாது. நீங்கள் அந்த வரியில் ரெஜிஸ்டர் அட்டவணைப் பக்கம் பேனாவைக் கொண்டுபோனாலே தவறு.

தாளில் நான் இப்படிச் செய்வேன்: `0(x5)` என்ற துண்டைக் கண்டதும் பக்கத்தில் சிறியதாக `0+260=260` என்று எழுதிவிடுவேன். முகவரியைக் கணக்கிட்டு முடித்த பிறகுதான் மெமரி அட்டவணைக்குப் போவேன். இந்தப் பழக்கம் இருந்தால் இன்னொரு தவறும் வராது. `x5`-இல் இருக்கும் 260 என்ற எண்ணையே தரவு என்று எடுத்துக்கொண்டு, `x8`-இல் 260 என்று எழுதிவிடுவார்கள். 260 வீட்டு எண், -2 தான் வீட்டில் இருப்பவர்.

“`bne` கிட்ட வரும்போது `x6`-ஓட பழைய மதிப்பைப் பார்க்கணுமா, புதுசையா?”

புதியதை. முந்தைய வரி ஓடி முடிந்துவிட்டது, அட்டவணையில் கடைசியாக எழுதப்பட்டிருப்பதுதான் உண்மை. 8-ஆம் படியில் `x6` இரண்டாகிவிட்டது, 9-ஆம் படியில் ஒப்பிடுவது அந்த இரண்டை. பழைய மூன்றை வைத்துப் பார்த்தால் லூப் ஒரு சுற்று அதிகமாக ஓடும், 268-ஆம் முகவரியிலும் ஏதோ எழுதிவிடுவீர்கள்.

ஆனால் ஒரே கட்டளைக்குள் கதை வேறு. `add x7, x7, x8` என்பதில் வலப்பக்கம் வரும் `x7` பழைய மதிப்பு. முதலில் எல்லா மூலங்களையும் படி, கணக்கிடு, பிறகுதான் எழுது. இந்த வரிசை மாறாது.

“ஒவ்வொரு படியிலும் எல்லா ரெஜிஸ்டரையும் திருப்பித் திருப்பி எழுதணுமா?”

வேண்டாம். மாறியதை மட்டும் எழுதுங்கள். நான்கு ரெஜிஸ்டரையும் 21 படிகளிலும் எழுதினால் 84 எண்கள். அவற்றில் பெரும்பாலானவை மேலிருந்து பார்த்து எழுதுவது, பார்த்து எழுதும்போதுதான் 260 என்பது 264 ஆகிவிடுகிறது. தேர்வில் முழு அட்டவணை கேட்டிருந்தால் மட்டும் மாறாத கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டு நிரப்புங்கள்.

பழைய மதிப்பை அழிப்பானால் அழிக்காமல், மேலே ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். எங்கே தடம் மாறியது என்று திரும்பிப் பார்க்க அந்த அடித்த எண்கள்தான் உதவும்.

“`sw x7, 4(x5)`-ன்னு ஒரு எண்ணை மட்டும் மாத்திக் கொடுத்திருக்காங்க. விடை என்ன ஆகும்?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நிரலைப் படித்துப் பார்த்தால் ‘விடைகள் ஓர் இடம் தள்ளி விழும், அவ்வளவுதான்’ என்றுதான் தோன்றும். 7, 7, 5, 10 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அட்டவணை போட்டால் வேறு விடை வருகிறது.

முதல் சுற்று: `x5` 256, `x8`-க்கு 7 வருகிறது, `x7` 7 ஆகிறது. ஸ்டோரின் முகவரி `4+256=260`. அங்கே இருந்த -2 அடிபட்டு 7 வந்துவிடுகிறது. அந்த -2 இன்னும் யாராலும் படிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் சுற்று: `x5` 260. `lw` இப்போது எடுத்து வருவது -2 அல்ல, நாம் சற்றுமுன் எழுதிய 7. `x7` 14 ஆகிறது. அது 264-இல் போய் விழுகிறது, அங்கிருந்த 5 போயிற்று.

மூன்றாம் சுற்று: `x8` 14, `x7` 28. ஸ்டோரின் முகவரி 268. அது நம் வரிசைக்கு வெளியே இருக்கும் இடம்.

| முகவரி | தொடக்கம் | முடிவு |
|---|---|---|
| 256 | 7 | 7 |
| 260 | -2 | 7 |
| 264 | 5 | 14 |
| 268 | யாருடையதோ | 28 |

7, 14, 28 என்று இரட்டிப்பாகும் வரிசையைக் கண்டால், படிக்கப்படவேண்டிய இடத்தை நிரல் முன்கூட்டியே மிதித்துவிட்டது என்று சந்தேகப்படலாம். இதைவிட மோசமானது நான்காவது வரி. 268-இல் வேறொரு மாறி இருந்திருந்தால் அது சத்தமில்லாமல் கெட்டுப்போயிருக்கும். பிழை வெளிப்படுவதோ நிரலின் வேறெங்கோ ஒரு மூலையில். ரெஜிஸ்டர் அட்டவணையை மட்டும் போட்டுவிட்டு மெமரி அட்டவணையைத் தலையில் வைத்துக்கொள்பவர்கள் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு கூடுதல் செய்தி. ஆஃப்செட் சரியாக இருந்து, `addi x5, x5, 4` மட்டும் `sw`-க்கு மேலே வந்துவிட்டாலும் இதே விடைதான் வரும். அப்போது ஸ்டோரை `sw x7, -4(x5)` என்று எழுதினால் சரியாகிவிடும்.

“`addi x5, x5, 1`-ன்னு எழுதிட்டேன். அடுத்த எண்ணுக்குப் போக ஒண்ணு கூட்டினா போதாதா?”

முகவரிகள் பைட்டுகளை எண்ணுகின்றன, நம் எண்கள் ஒவ்வொன்றும் நான்கு பைட் அகலம். சி மொழியில் சுட்டியோடு ஒன்றைக் கூட்டினால் கம்பைலரே நான்கால் பெருக்கிவிடும். இங்கே பெருக்க ஆள் இல்லை.

உண்மையில் ஓட்டினால் என்ன ஆகும் என்பது ஓடும் சூழலைப் பொறுத்தது. RARS சிமுலேட்டர் 257 நான்கால் வகுபடாத முகவரி என்று பிழை சொல்லி நின்றுவிடும். சில செயலிகள் அதைப் பொறுத்துக்கொண்டு படித்துவிடும். பொறுத்துக்கொண்டால் என்ன படிக்கும் என்று பார்ப்போம். ரிஸ்க்-ஃபைவில் ஒரு எண்ணின் கடைசி பைட்தான் சிறிய முகவரியில் உட்காரும். 7 என்பது 256 முதல் 259 வரை `07 00 00 00`. -2 என்பது 260 முதல் `FE FF FF FF`. 257-இல் தொடங்கும் நான்கு பைட் `00 00 00 FE`, அதாவது `0xFE000000`, பத்தடிமானத்தில் -33554432. சின்னச்சின்ன எண்களைக் கூட்டும் நிரலில் திடீரென இப்படியொரு பூதாகரமான எண் வந்தால், முதலில் முகவரி எத்தனை எத்தனையாக ஏறுகிறது என்று பாருங்கள்.

“`lw`-க்குப் பதிலா `lb` போட்டேன், அதே விடைதான் வந்துச்சு. அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?”

இந்தத் தரவுக்கு மட்டும் ஒன்று. `lb` ஒரே ஒரு பைட்டை எடுத்து, அதன் குறியை நீட்டி 32 பிட்டாக்குகிறது. `FE` என்ற பைட் நீண்டு மறுபடி -2 ஆகிவிடுகிறது. 7, 5 ஆகியவையும் ஒரு பைட்டில் அடங்கிவிடுகின்றன. வரிசையில் 200 இருந்திருந்தால் மாட்டியிருப்பீர்கள்: அதன் கடைசி பைட் `C8`, `lb` அதை -56 என்று படிக்கும். குறியைப் பார்க்காத `lbu` போட்டிருந்தால் -2 இருந்த இடத்திலேயே 254 வந்து, `x7` 261 ஆகியிருக்கும். ட்ரேஸ் செய்யத் தரவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், ஒரு எதிர்ம எண்ணையும் 127-ஐத் தாண்டிய ஒரு எண்ணையும் கலந்து வையுங்கள்.

“RARS-ல ஓட்டிப் பார்த்தேன். என் தாள்ல இருக்கிற எந்த முகவரியும் ஒத்து வரல.”

அங்கே நிரல் 0-இல் தொடங்குவதில்லை, `0x00400000`-இல் தொடங்குகிறது. தரவு `0x10010000`-இல். 256-ஆம் முகவரியைத் தொட அது அனுமதிக்காது. ஆகவே முதல் வரியை இப்படி மாற்ற வேண்டும்:

```
.data
arr: .word 7, -2, 5
.text
     la   x5, arr
```

`la` என்பது ஒரு வரி போலத் தெரிந்தாலும் உள்ளே `auipc`, `addi` என்று இரண்டு கட்டளைகளாக விரிகிறது. அதனால் மொத்தப் படிகள் 21 அல்ல, 22. `loop` நிற்கும் முகவரி `0x00400010`. ரெஜிஸ்டர் பட்டியலில் `x5`, `x6`, `x7` ஆகியவை `t0`, `t1`, `t2` என்ற பெயரிலும் `x8` என்பது `s0` என்ற பெயரிலும் இருக்கும், பக்கத்தில் எண்ணும் போட்டிருக்கும்.

F3 அழுத்தி அசெம்பிள் செய்துவிட்டு, F7-ஆல் ஒவ்வொரு படியாக ஓட்டுங்கள். ஆனால் அழுத்துவதற்கு முன் அடுத்து எந்தக் கட்டம் மாறும், என்ன மதிப்பாகும் என்று தாளில் எழுதிவிடுங்கள். அழுத்திய பிறகு எழுதினால் அது ட்ரேஸ் அல்ல, திரையைப் பார்த்துப் பிரதி எடுப்பது. தப்பாகிவிட்டால் F8 ஒரு படி பின்னால் கூட்டிப்போகும். மதிப்புகள் பதினாறடிமானத்தில் தெரிவதால் -2 இருக்கும் இடத்தில் `0xfffffffe` இருக்கும். Hexadecimal Values என்ற பெட்டியின் குறியை எடுத்துவிட்டால் -2 என்றே காட்டும்.

“மூணு எண்ணுக்கு சரி. நூறு எண் இருந்தா 603 படியும் எழுதணுமா?”

எழுத வேண்டியதில்லை. முதல் இரண்டு சுற்று, கடைசிச் சுற்று, இவை போதும். நடுவில் என்ன நடக்கிறது என்பதற்கு, லூப் தலையில் எப்போதும் மாறாமல் நிற்கும் ஒரு கணக்கைக் கண்டுபிடியுங்கள். நம் நிரலில் அது `x5 + 4*x6`. முதல் சுற்றின் தொடக்கத்தில் 256 + 12 = 268. இரண்டாவதில் 260 + 8 = 268. மூன்றாவதில் 264 + 4 = 268. வெளியே வரும்போது 268 + 0. சுட்டி நான்கு ஏறும்போது எண்ணி ஒன்று இறங்குவதால் கூட்டுத்தொகை அசைவதில்லை.

நூறு எண் என்றால் அந்தத் தொகை 656. ஆகவே கடைசிச் சுற்று தொடங்கும்போது `x6` 1, `x5` 652 என்று நேராகச் சொல்லிவிடலாம். `x7`-க்கும் இப்படி ஒரு வாசகம் உண்டு: லூப் தலையில் நிற்கும்போது, `x5`-க்குக் கீழே இருந்த எண்கள் அனைத்தின் கூட்டுத்தொகை அது.

“எம்ஐபிஎஸ்-க்கும் இதே முறைதானே?”

அட்டவணைகள் அதேதான். ஒன்றை மட்டும் வினாத்தாளில் தேடிப் பாருங்கள்: தொடக்ககால எம்ஐபிஎஸ்-இல் கிளைக் கட்டளைக்கு அடுத்து நிற்கும் கட்டளை, கிளை பிரிந்தாலும் பிரியாவிட்டாலும் ஓடிவிடும். அந்த விதி உண்டு என்று வினாவில் இருந்தால் `bne`-க்குப் பின் உடனே லூப் தலைக்குத் தாவாமல், அந்த ஒரு வரியையும் எழுதிவிட்டுத் தாவுங்கள். ரிஸ்க்-ஃபைவில் இது கிடையாது.

“எண்ணே இல்லாத காலி வரிசை கொடுத்தா, `x6` 0-ல ஆரம்பிச்சா?”

ட்ரேஸ் போட்டுப் பாருங்கள், ஆறே படியில் ஆபத்து தெரிந்துவிடும். லூப் தலையில் யாரும் `x6`-ஐச் சோதிக்கவில்லை. 256-இல் இருப்பதைப் படித்து, கூட்டி, திருப்பி எழுதியாயிற்று. பிறகு `x6` -1 ஆகிறது. `bne` பார்ப்பது பூஜ்யமா இல்லையா என்று மட்டும்தான். -1 பூஜ்யம் அல்ல, திரும்பிப் போகிறது. அடுத்து -2, -3. நிரல் மெமரியை நான்கு நான்கு பைட்டாக மிதித்துக்கொண்டே போகும், தடைசெய்யப்பட்ட முகவரி ஒன்றில் இடிக்கும்வரை.

லூப்புக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தால் தீரும்:

```
12        beq  x6, x0, done
16  loop: lw   x8, 0(x5)
```

`done` என்ற லேபிளை `bne`-க்கு அடுத்து வையுங்கள். ஒரு வரி கூடியதால் `bne` இப்போது 36-இல் நிற்கிறது, `done` 40-இல். தாளின் இடப்பக்கம் எழுதிய முகவரிகளை 12-இலிருந்து மறுபடி எழுதிவிட்டு ட்ரேஸைத் தொடங்குங்கள்.